கடன் வட்டிக்கு ஏன் ஜி.எஸ்.டி. இல்லை: ஒரே கணக்கில் நான் படித்த விதம்

சி.ஏ. இறுதிநிலை மறைமுக வரித் தாளுக்குப் படிப்பவர்கள் விலக்குப் பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். கடன் வட்டிக்கு விலக்கு, கிரெடிட் கார்டு வட்டிக்கு வரி உண்டு, கடனுக்கான செயலாக்கக் கட்டணத்துக்கும் லாக்கர் வாடகைக்கும் 18% என்று வரிசை நீளும். நான் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கடனை எடுத்துக் கணக்குப் போட்டேன். காரணம் பிடிபட்டதும் பட்டியல் தானாக மனதில் நின்றது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களும் போட்டுப் பாருங்கள். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு வைத்தவை.

ஓய்வு பெற்ற ஒருவர் வங்கியில் 1 லட்சம் போடுகிறார், வட்டி 6%. அந்தப் பணத்தை வங்கி திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலைக்கு 10% வட்டியில் கடனாகத் தருகிறது. ஆலை கட்டும் 10,000 ரூபாயில் 6,000 முதலீட்டாளருக்குப் போகிறது. வங்கிக்கு 4,000 மிஞ்சுகிறது. பத்தாயிரத்துக்கும் வரி போட்டால் தவறு. அதில் பெரும்பகுதி பணத்தை ஒரு வருடம் விட்டுவைத்ததற்கான ஈடு; யாரும் நுகர்ந்த சேவையின் விலை அல்ல. அப்படியானால் 4,000 மீது வரி போடலாமே என்று தோன்றும். விடைத்தாளில் பலர் நிறுத்திவிடுவது இங்கேதான். சிக்கலே இனிமேல்தான் தொடங்குகிறது.

ஜி.எஸ்.டி. ஒவ்வொரு பில்லாக நகரும் வரி. 4,000 ரூபாய்க்கு வரி என்றால் யார் பெயரில் எவ்வளவுக்கு பில் போடுவது? வங்கி இருவருக்கும் சேவை செய்கிறது: ஒருவருக்குப் பணத்தைப் பாதுகாத்துத் தருகிறது, இன்னொருவருக்குக் கடன் ஏற்பாடு செய்கிறது. ஆபத்தே இல்லாத தூய வட்டி 7% என்று வைத்துக்கொண்டால், ஆலை கூடுதலாகக் கொடுத்தது 3,000, முதலீட்டாளர் விட்டுக்கொடுத்தது 1,000. தூய வட்டியை 8% என்று வைத்தால் அதே 4,000 ஆளுக்கு 2,000 ஆகப் பிரிகிறது. மொத்தம் மாறவில்லை, பில் மாறிவிட்டது. ஆலை பதிவு பெற்றது. தன் பங்குக்கான வரியை ஐ.டி.சி.யாக, அதாவது உள்ளீட்டு வரி வரவாக, எடுத்துக்கொள்ளும். முதலீட்டாளரால் அது முடியாது. ஆகவே பங்கு பிரிப்பதைப் பொறுத்து அரசின் வருவாயே மாறும். போதாக்குறைக்கு, ஆலையின் பங்கில் ஒரு பகுதி கடன் வராமல் போகும் ஆபத்துக்கான ஈடு. அதுவும் சேவை அல்ல. இத்தனையையும் லட்சக்கணக்கான கணக்குகளுக்குத் தனித்தனியாக, வட்டி விகிதம் மாறும்போதெல்லாம் கணக்கிட வேண்டும்.

செயலாக்கக் கட்டணத்தில் இந்தத் தொல்லை இல்லை. விலை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது, அதனால் வரியும் உண்டு. இந்த ஒரு வேறுபாட்டை எழுதினாலே விடையில் பாதி வந்துவிடும்.

அடுத்த பாதி, விலக்கின் விலை. விலக்கு என்றால் வரியே இல்லை என்று எழுதாதீர்கள். வங்கி 1 கோடிக்கு மென்பொருள் வாங்கி 18 லட்சம் ஜி.எஸ்.டி. கட்டுகிறது என்று வையுங்கள். பிரிவு 17(4) தரும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால், தகுதியுள்ள வரவில் பாதி, 9 லட்சம், மட்டுமே கிடைக்கும். மீதி 9 லட்சம் காலாவதி. அது வங்கியின் செலவாகி வட்டிக்குள் புகுந்து ஆலைக்குப் போகிறது. பில்லில் தெரியாத வரி என்பதால் ஆலையால் வரவு எடுக்க முடியாது. துணியின் விலையில் வரிமேல் வரியாக ஏறுகிறது. வீட்டுக் கடன் வாங்கியவரோ முழுச் சேவைக்கும் உரிய வரியைவிடக் குறைவாகவே சுமக்கிறார். தொழிலுக்குக் கூடுதல் வரி, நுகர்வோருக்குக் குறைந்த வரி: மதிப்புக் கூட்டு வரியின் நோக்கத்துக்கு நேர் எதிர். என் பார்வையில் விடையின் உயிர் இந்த இடம்தான்.

காப்பீட்டிலும் இதே முடிச்சு. தீ விபத்துக் காப்பீட்டில் 10,000 பிரீமியம் வசூலித்து, சராசரியாக 7,000 இழப்பீடாகத் திரும்பிப் போனால், நிறுவனத்தின் சேவை 3,000 மட்டுமே. ஆனால் எந்த பாலிசிக்கு இழப்பீடு போகும் என்பது பிரீமியம் வாங்கும் நாளில் தெரியாது. நியூசிலாந்தில் பொதுக் காப்பீட்டின் முழுப் பிரீமியத்துக்கும் வரி வாங்கி, இழப்பீடு கொடுக்கும்போது அதற்குள் அடங்கிய வரியைக் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். மொத்தத்தில் வரி அந்த 3,000 மீதே நிற்கிறது. ஆயுள் காப்பீட்டில் சேமிப்பும் கலந்திருப்பதால் நம் நாட்டு விதி 32(4) ஒரு உத்தேச மதிப்பைப் பிடிக்கிறது: சேமிப்புப் பங்கு தனியாகக் காட்டப்படாத வழக்கமான பாலிசிக்கு முதல் ஆண்டு பிரீமியத்தில் 25%, பிறகு 12.5%.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு வந்துவிட்டது. கேள்வி இதைத் தொட்டால், "18% முழுவதும் பாலிசிதாரருக்கு மிச்சம்" என்று எழுதிவிடாதீர்கள். அலுவலக வாடகை, ஏஜென்ட் கமிஷன் ஆகியவற்றுக்குக் கட்டிய வரிக்கு நிறுவனம் இனி வரவு எடுக்க முடியாது. வங்கிக்குப் போட்டதுபோல இங்கேயும் கணக்குப் போட்டு, எவ்வளவு செலவாகத் தங்குகிறது என்று காட்டுங்கள்; ஆனால் பாதி வரவு என்ற 17(4) வாய்ப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை.