மூன்றாவது ஆய்வில் தேறிய ஹூட்டர் லைன்

ஆறு மாடிக் கட்டடம். தீ எச்சரிக்கை பேனல், டிடெக்டர், ஹூட்டர் எல்லாம் சரியாக வேலை செய்தன. இரண்டு முறை ஆய்வில் திருப்பி அனுப்பப்பட்டதற்குக் காரணம் வெறும் கேபிள். இரண்டு முறையும் ஆய்வாளர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதல் முறை அவர் பேனலைத் திறக்கவே இல்லை. கன்டியூட்டின் மூடியைக் கழற்றி, கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருந்ததைப் படித்தார். எஃப்ஆர்எல்எஸ். "இது தீயைப் பரவ விடாத ஒயர் சார். தீக்குள்ள நின்னு வேலை செய்யற ஒயர் இல்ல" என்றார்.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எஃப்ஆர் என்ற இரண்டெழுத்து, தீயை எதிர்க்கும் என்று நினைக்க வைக்கிறது. எஃப்ஆர்எல்எஸ்ஸில் அதற்குப் பொருள், கேபிள் வழியே தீ ஓடாது, புகையும் குறைவாக வரும் என்பது மட்டுமே. அதன் உள்ளேயும் இருப்பது பிவிசிதான். சாதாரண பிவிசி 70 டிகிரியில் வேலை செய்ய உருவானது. 150 டிகிரி வாக்கில் குழைந்து ஓடத் தொடங்கிவிடும். எரிகிற அறையின் கூரையடியில் வெப்பம் 600 டிகிரியை எளிதாகத் தாண்டும். தாமிரம் உருக 1085 டிகிரி வேண்டும், அதனால் கம்பி அப்படியே இருக்கும். நடுவில் இருந்த உறை போய்விட, கோர் எனப்படும் உள்கம்பிகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உறை கரியாக மிஞ்சினாலும் அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும்.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. ஷார்ட் ஆனதும் பேனல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஹூட்டர் லைனை வெட்டிவிடும். இரண்டாம் மாடியில் கேபிள் வெந்தால், அதே லைனில் தொங்கும் மூன்று, நான்கு, ஐந்தாம் மாடி ஹூட்டர்களும் சேர்ந்து ஊமையாகும். பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்து கோளாறு என்று காட்டும். மேல்மாடியில் தூங்குபவருக்கு அதனால் என்ன பயன்?

கடைக்காரர்கள் செய்து காட்டும் லைட்டர் சோதனையை நம்பாதீர்கள். துண்டு ஒயரைப் பற்றவைத்து, எடுத்ததும் அணைந்துவிட்டால் நல்ல கேபிள் என்பார்கள். எஃப்ஆர்எல்எஸ்ஸும் அதில் தேறிவிடும். பிளேடால் உறையை அறுத்துப் பாருங்கள். தீக்குள்ளும் வேலை செய்யும் ஃபயர் சர்வைவல் கேபிளில் தாமிரத்தின் மேல் மைக்கா டேப் சுற்றியிருக்கும், இல்லையேல் கோரின் உறை சிலிக்கான் ரப்பராக இருக்கும். சிலிக்கான் எரிந்தாலும் வெள்ளைச் சாம்பலாக இறுகி நிற்கும். அந்தச் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தாது. சான்றிதழில் தேட வேண்டியது ஐஇசி 60331 அல்லது பிஎஸ் 6387. ஐஇசி 60332 மட்டும் இருந்தால் அது தீ பரவும் சோதனை, வேறு சங்கதி. பிஎஸ் 6387-இல் சி, டபிள்யூ, இசட் என்ற மூன்றும் இருக்க வேண்டும். சி என்றால் 950 டிகிரியில் 3 மணி நேரம். டபிள்யூவில் தீயோடு தண்ணீரும் விழும். இசட்டில் தீயோடு அடியும் விழும்.

கேபிள் மாற்றினோம். இரண்டாவது முறை ஆய்வாளர் கேபிளைத் தொடவில்லை, கிளிப்பைத் தட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். அதுவும் பிளாஸ்டிக், உள்ளே கனெக்டரும் பிளாஸ்டிக். 950 டிகிரி தாங்கும் கேபிளை 100 டிகிரிக்குச் சற்று மேலேயே தளரும் கிளிப்பில் தொங்கவிட்டிருந்தோம். கிளிப் விட்டதும் கேபிள் தொங்கி மடங்கும். அந்த வெள்ளைச் சாம்பல் வளைவைத் தாங்காமல் உதிரும். அது மட்டுமல்ல. 2010-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஷெர்லி டவர்ஸ் தீயில் இறந்த இரண்டு தீயணைப்பு வீரர்களும், பிளாஸ்டிக் தாங்கிகள் உருகியதால் விழுந்த ஒயர்களில் சிக்கிக்கொண்டிருந்தார்கள். தீயில் ஒயர் முன்கூட்டியே விழாதபடி தாங்கி அமைய வேண்டும் என்ற விதியை அந்நாட்டு ஒயரிங் தரநிலையான பிஎஸ் 7671 கட்டடம் முழுமைக்கும் விரித்தது 2018-இல்.

எனவே எல்லாம் இரும்பு கிளிப், தயாரிப்பாளரின் தாளில் சொன்ன இடைவெளியில். எங்களுக்கு அது 300 மி.மீ. இணைப்பு முடிந்தவரை ஹூட்டருக்குள்ளேயே; தவிர்க்க முடியாத இரண்டு இடங்களில் மட்டும் இரும்புப் பெட்டி, பீங்கான் கனெக்டர்.

கோர் சீவும்போது நிதானம் தேவை. சிலிக்கான் உறை, பிளேடு லேசாகப் பட்டாலே கிழியும். மைக்காவைத் தேவைக்கு மேல் பின்னால் உரித்தால் அந்த இடம் சாதாரண ஒயர்தான். கடைசியில் உறையின் மின்காப்பை அளக்கும் மெகர் வைத்து 500 வோல்ட்டில் கோருக்கும் கோருக்கும், கோருக்கும் எர்த்துக்கும் பார்க்க வேண்டும். அதற்கு முன் பேனலையும் ஹூட்டரையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை பொசுங்கும்.

அவசர விளக்கில் எதிர்த் தவறு செய்திருந்தோம். படிக்கட்டு விளக்குகள் ஒவ்வொன்றிலும் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு வரும் ஒயர் எரிந்தால் மின்சாரம் போனதாக எண்ணி விளக்கு தானாக எரியும். அங்கே விலையுயர்ந்த கேபிள் வீண். அரங்கின் விளக்குகளோ தரைத்தளத்து மையப் பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறுபவை. அந்த ஒயர் போனால் இருட்டு. அங்கேதான் சாதாரண ஒயர் போட்டிருந்தோம்.

மூன்றாவது ஆய்வுக்கு முன் யாரும் கேட்காத ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அதுதான் காப்பாற்றியது. சூடாகும்போது தாமிரத்தின் மின்தடை ஏறும். 800 டிகிரி வாக்கில் நான்கு மடங்குக்கும் மேல். எங்கள் லைன் 120 மீட்டர், போக வர 240. ஹூட்டர்கள் எல்லாம் கடைசியில் இருப்பதாக வைத்து 0.8 ஆம்பியர். 1.5 சதுர மி.மீ. கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம், ஆக 2.9 ஓம், வோல்ட்டேஜ் வீழ்ச்சி 2.3. பேட்டரி வற்றி 21 வோல்ட்டில் நின்றாலும் கடைசி ஹூட்டருக்கு 18.7 கிடைக்கும். அதற்குக் குறைந்தபட்சம் வேண்டியது 18. பாஸ்.

இதே லைனில் 20 மீட்டர் தீக்குள் இருப்பதாக வையுங்கள். அந்த 40 மீட்டர் கம்பியின் 0.48 ஓம், நான்கு மடங்கென்றே வைத்தாலும் 1.94 ஆகிவிடும். மொத்தம் 4.36 ஓம், வீழ்ச்சி 3.5 வோல்ட். கடைசி ஹூட்டருக்கு 17.5. கேபிள் உயிரோடு இருந்தும் ஹூட்டர் கத்தாமல் போகலாம். 2.5 சதுர மி.மீ. போட்டால் அதே தீயில் 18.9 வோல்ட் கிடைக்கிறது. அந்த லைனை மட்டும் மாற்றினோம். கணக்குத் தாளை ஆய்வாளர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கன்டியூட்டுக்குள் போன பிறகு உறையில் அச்சிட்டதை யாராலும் படிக்க முடியாது. ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் அச்சு தெரியும்படி ஒரு மீட்டர் வெட்டி, டிரம் எண்ணையும் எந்த லைனில் போட்டது என்பதையும் அதில் எழுதிக் கட்டி, சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். எங்களிடம் ஐந்து துண்டுகள் இருந்தன. ஆய்வாளர் ஐந்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.