ஆறு வருட இடைவெளியைக் கேட்டபோது

2016-இல் மகள் பிறந்ததும் கணக்குப் பிரிவு வேலையை விட்டேன். மறுபடி நேர்காணலுக்குப் போனது 2022-இல். முதல் இடத்தில் இடைவெளி பற்றிக் கேட்டதும் குறைப்பிரசவம், மாமியாருக்கு முடியாமல் போனது, வீட்டில் ஆள் இல்லாதது என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டேன். அதற்கப்புறம் வந்த கேள்வியெல்லாம் குழந்தையைப் பற்றித்தான், இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. வேலையைப் பற்றி ஒன்றுமே இல்லை. நான் எதை விரித்தேனோ அதையே அவர்களும் தொடர்ந்தார்கள்.

அடுத்த இடத்தில் இவ்வளவுதான் சொன்னேன்: "மகளைப் பார்த்துக்கொள்ள ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். நான் விட்டபோது வாட் இருந்தது, ஜிஎஸ்டி 2017 ஜூலையில்தான் வந்தது. அதனால் எட்டு மாதமாக அண்ணன் கடைக்கு GSTR-1, GSTR-3B ரிட்டர்ன்களை நான்தான் தயார் செய்கிறேன்."

சொல்லி நிறுத்திவிட்டேன். கொஞ்சம் மௌனம், அதை நிரப்பப் போகவில்லை. அப்புறம் ஒருவர் கேட்டார், கொள்முதல் பில் கையில் இருக்கிறது, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் GSTR-2B-யில் இல்லை, அந்த வரிக்குக் கிரெடிட் எடுப்பீர்களா? எடுக்க மாட்டேன், சப்ளையரிடம் சொல்லி அவருடைய GSTR-1-இல் ஏற்ற வைத்து, 2B-யில் வந்த மாதம் எடுப்பேன் என்றேன். பிறகு அரைமணி நேரம் வேலைப் பேச்சுதான்.

இடைவெளியை மறைக்க பயோடேட்டாவில் பழைய வேலையின் தேதியை மட்டும் நீட்டி எழுதாதீர்கள். சேர்ந்த நாளும் விலகிய நாளும் பிஎஃப் கணக்கில் அப்படியே இருக்கும்.