நான் போட்ட சரி

அந்தக் கொப்பியின் ஓரத்தில் இருந்த சரி நான் போட்டதுதான். சிவப்புப் பேனை, எனது வழக்கமான நீட்டு வால். ஆனால் அந்தத் தாய் கொப்பியை விரித்துக் காட்டியபோது என் வாயில் முதலில் வந்தது, "பிள்ளை பிழையா விளங்கியிருக்கிறா அம்மா" என்பதுதான். இரண்டு வருடத்துக்கு மேலாகியும் அந்த வசனம் என்னை விடுவதாக இல்லை.

2023 ஒக்டோபரில் உயர்தர வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். நாணயக் கொள்கை அறிக்கைகளின் நடையில் நானே கோத்த வசனம் இது: "சாதகமான தளத் தாக்கத்தின் ஆதரவுடன் முதன்மைப் பணவீக்கம் துரிதமாக வீழ்ச்சியடைந்தமையால், நாணயக் கொள்கை நிலைப்பாட்டைத் தளர்த்துவதற்கு இடைவெளி ஏற்பட்டுள்ளது." கலைச்சொற்களுக்குக் கீழே கோடு போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், வீட்டில் சொன்னால் விளங்குகிற மாதிரி ஒரு வரி எழுத வேண்டும். பிறகு அந்த வரிகளை அதே வசனத்துக்குள் திருப்பிப் போட்டு, பொருள் நிற்கிறதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது படிக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தினேன்.

இந்தப் பிள்ளை "தளத் தாக்கம்" என்பதற்கு "அடித்தளம் பலமாக இருப்பதால்" என்று எழுதியிருந்தாள். அதைப் பிடித்துவிட்டேன். வெட்டி, பக்கத்தில் நீளமாக விளக்கமும் எழுதினேன். பணவீக்கத்தைப் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டுத்தான் கணிக்கிறார்கள். போன வருடமே விலைகள் உச்சத்தில் நின்றால், இந்த வருடத்து ஏற்றம் சிறிதாகத் தெரியும். தளம் என்றால் இங்கே பலம் அல்ல, ஒப்பிடுகிற இடம். "நிலைப்பாட்டைத் தளர்த்துதல்" என்பதற்கு "மத்திய வங்கி வட்டியைக் குறைத்தல்" என்று எழுதியிருந்தாள், அது சரி. அந்த யூனில் கொள்கை வட்டி வீதங்களை 2.5 சதவீதப் புள்ளிகளால் குறைத்ததை வகுப்பில் பேசியிருந்தோம்.

அதற்கு அடுத்த வரி: "பணவீக்கம் வீழ்ச்சியடைந்தது - சாமான் விலை குறைந்தது." அதற்கும் சரி.

கடினமான சொல்லில் கண் குவிந்திருந்ததால் தெரிந்த சொல்லில் வழுக்கிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. முப்பத்தெட்டுக் கொப்பி, இரவு பத்து மணி. அதுவும் உண்மைதான். ஆனால் "வீழ்ச்சி" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடும்படி நானும் சொல்லவில்லை. பெயர்ச்சொற்களையே கலைச்சொல்லாகப் பார்த்துப் பழகிவிட்டோம். எது விழுந்தது என்பதைக் காவுகிற வினையை யாரும் தொடுவதில்லை.

தாய்க்குப் பரந்தன் பக்கம் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. நவம்பரில், மழைக்குள் பெற்றோர் சந்திப்புக்கு வந்தவர் குடையைக் கதவடியில் வைத்துவிட்டு நேரே கொப்பியை எடுத்தார்.

"சேர், நீங்கள் இதுக்குச் சரி போட்டிருக்கிறியள். விலை குறைஞ்சிட்டுது எண்டு அரசாங்கமே சொல்லுதாம், நான் குறைக்காமல் விக்கிறனாம். பிள்ளை என்னைக் கள்ளி மாதிரிப் பாக்குது."

அந்த மாதத் தொடக்கத்தில்தான் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாவாக உயர்ந்திருந்தது. தாய் சீனி விலையைக் கூட்டியிருக்கிறார். மகள் என் சரியைக் காட்டியிருக்கிறாள்.

அப்போதுதான் அந்த "பிழையா விளங்கியிருக்கிறா" வந்தது. தாய் ஒன்றும் சொல்லவில்லை. என் சிவப்புச் சரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

சரி, என்று ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2021 செப்டெம்பரில் ஒரு பை சாமான் 100 ரூபா என்று வையுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அதே பை 170 ரூபா. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். எழுபதிலிருந்து ஒன்றுக்கு விழுந்துவிட்டது என்பது இதுதான். ஆனால் அந்த 1.3 கூடுவது 170இன் மேலே. பை இப்போது 172 ரூபா. (இடையில் சுட்டெண்ணின் அடியாண்டை மாற்றினார்கள், ஆகவே இது தோராயம். அவருக்கு அதைச் சொல்லவில்லை.)

"அப்ப ஏறினது ஏறினதுதானே, சேர்?"

"ஓம். ஏறுற வேகம்தான் குறைஞ்சது."

"பருப்பு இறங்கினது, நான் இறக்கித்தான் விக்கிறன். சவுக்காரம் இறங்கேல்லை."

அவர் சொன்னதும் பொருந்தும். பை என்பது நிறையச் சாமான்களின் சராசரி. சில சாமான்கள் இறங்கும், சில ஏறும், பை அசையாமலே நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் வரி முழுப் பிழை அல்ல, ஆகவே என் சரியும் முழுப் பிழை அல்ல என்று சில நாட்கள் எனக்குள் வழக்காடிப் பார்த்தேன். நிற்கவில்லை. பருப்பு இறங்கியதால் அந்த வரி சரியாகிவிடாது. அவள் எழுதியது பையைப் பற்றி. அந்தப் பையும் கொழும்பு நகரக் குடும்பங்களின் செலவை வைத்துக் கட்டியது. சுட்டெண்ணின் பெயரிலேயே கொழும்பு இருக்கிறது, அதற்கும் நாங்கள் கோடு போடவில்லை.

அடுத்த கிழமை வகுப்பில் பஸ்ஸை எடுத்தேன். வவுனியாவிலிருந்து ஏ9இல் எழுபதில் வருகிற பஸ் முறிகண்டியை நெருங்கும்போது வேகம் குறைகிறது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்கிறது. வேகம் பூச்சியம். ஆனால் பஸ் மாங்குளத்துக்குத் திரும்பிப் போகவில்லை. வேகம் பணவீக்கம், பஸ் நிற்கிற இடம் விலை. பின்னால் உருண்டால் மட்டும்தான் விலை குறைந்தது என்று எழுதலாம், அதற்குப் பணச்சுருக்கம் என்று வேறு பெயர். வகுப்பு சிரித்தது. மூன்றாவது படியையும் அன்று செய்வித்தோம்: "சாமான் விலை குறைந்தது" என்பதை வசனத்துக்குள் திருப்பிப் போட்டால், தளத் தாக்கத்துக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது. ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால், பக்கத்தில் ஏதோ ஒன்றைப் பிழையாகப் பெயர்த்திருக்கிறோம். முதல் நாளே பத்து நிமிடம் கிடைத்திருந்தால் இந்தத் தாய் மழைக்குள் வந்திருக்கமாட்டார். இதுவும் ஒரு சாட்டுத்தான், தெரிகிறது.

வகுப்பில் நான் பஸ்ஸைப் பற்றித்தான் பேசினேன். சரி போட்டது நான் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை முன்வரிசையில் இருந்தாள், குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

தவணைப் பரீட்சையில் அதே வகை வசனம் ஒன்று வைத்தேன். மற்றவர்கள் பஸ்ஸையும் முறிகண்டியையும் எழுதினார்கள், ஒருவன் தேங்காயையும் சேர்த்திருந்தான். அவள் மட்டும் பாடநூலில் உள்ளபடியே எழுதியிருந்தாள்: "பொது விலை மட்டத்தின் அதிகரிப்பு வீதம் முன்னைய காலப்பகுதியை விடக் குறைவடைதல்." ஒரு சொல்லும் பிசகவில்லை. சொந்தச் சொல் ஒன்றும் இல்லை. விளங்கித்தான் எழுதினாளா, இல்லை இனிச் சொந்தச் சொல்லில் எழுதக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டாளா என்று பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன். முழுப் புள்ளி போட்டேன்.