எதிர்நிழல் முதலில் வந்து நின்ற கதை: சொல்லடைவு வேலை, இரண்டாம் கட்டம்

நேற்று இரவு ஒருவழியாக அகரவரிசை சரியாக வந்துவிட்டது. வான்நோக்கும் நண்பர் ஒருவர் கட்டுரை நடையில் எழுதி வைத்திருந்த எட்டுப் பக்கக் கலைச்சொல் விளக்கத்தை, சொல், பொருள் என்று வரிவரியாகப் பிரிக்கிற வேலை இது. ஒரு வரிக்கு ஒரு சொல், நடுவில் ஒரு டேப், அப்புறம் விளக்கம். வெட்டி ஒட்டினால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் ‘என்பது’ வருகிற இடமெல்லாம் தேடி வெட்டப் பார்த்தேன். பாதிகூடத் தேறவில்லை. நம் உரைநடையில் சொல் முன்னால் வருவதைவிட, விளக்கத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘என்று பெயர்’, ‘எனப்படும்’ என்று முடிப்பதுதான் அதிகம். சில இடங்களில் அதுவும் இல்லாமல் பெயரோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. ஆகவே தேடலை விட்டுவிட்டுக் கையாலேயே பிரித்தேன்.

பிரித்த பிறகுதான் உண்மையான தலைவலி. நண்பரின் பத்தி இப்படி இருந்தது: “சூரியனை ஒரு பொருள் மறைக்கும்போது அதன் பின்னால் நிழல் விழும். அதில் சூரியன் துளியும் தெரியாத பகுதி கருநிழல். அதைச் சுற்றி, சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைபடும் இடத்துக்குப் புறநிழல் என்று பெயர். கருநிழல் கூம்பு முடிந்தபின் தொடர்வது எதிர்நிழல்.” படிக்க அருமையாக இருக்கிறது. வரிசைப்படுத்தினால் கடைசியில் சொன்ன எதிர்நிழல் முதலில் வந்து நிற்கும், கருநிழல் அதற்குப் பின், புறநிழல் எங்கோ ப-வில். ‘அதில்’, ‘அதைச் சுற்றி’ எல்லாம் அநாதையாகிவிடும். இந்தச் சுட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, அவை குறிக்கும் பெயரைப் போட்டு எழுதினேன். இப்போது பதிவு இப்படி:

“எதிர்நிழல்: சூரியனை மறைக்கும் பொருளின் கருநிழல் கூம்பு முனையில் முடிந்த பிறகு, அதற்கு அப்பால் விரியும் நிழல் பகுதி. இங்கிருந்து பார்த்தால் சூரியன் வளையமாகத் தெரியும். காண்க: கருநிழல்.”

சோதனை எளிது: மேலும் கீழும் உள்ள வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ‘எது?’ என்று கேட்கத் தோன்றினால் அந்தப் பதிவு இன்னும் ஆகவில்லை.

அப்புறம் வரிசை. பைத்தானில் சும்மா `sorted()` கொடுத்தேன். மேலோட்டமாகச் சரியாகத்தான் தெரிந்தது. நிறமாலை, நிலவு, நிழல் என்று வந்ததைப் பார்த்ததும் புரிந்தது. யூனிகோடில் ற, ர-வுக்கு அடுத்தும், ன, ந-வுக்கு அடுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. நம் வரிசையில் ல வ ழ ள ற ன என்றுதானே வரும்? நிலவு, நிழல், நிறமாலை என்று இருக்க வேண்டும். இன்னொன்று, அகராதியில் மெய் முதலில், உயிர்மெய் பிறகு. அச்சு வந்த பிறகே அசைவு. யூனிகோடில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருவதால் இது தலைகீழாகிறது. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது இவ்வளவுதான்:

```python
import unicodedata
E = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃகஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"
K = "்ாிீுூெேைொோௌ"
def key(s):
    out = []
    for c in unicodedata.normalize("NFC", s):
        if c in E:
            out.append([E.index(c), 1])
        elif c in K:
            i = K.index(c)
            out[-1][1] = i + 1 if i else 0
    return out
```

ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு எண்: எந்த எழுத்து, எந்த உயிர். புள்ளிக்கு 0, அகரத்துக்கு 1, மற்றவை அதற்கு மேல். `K`-வின் முதல் எழுத்து வெறும் புள்ளி. எடிட்டரில் மேற்கோள் குறியின் தலையில் ஏறிக்கொண்டு காட்டும், பயப்பட வேண்டாம். இடைவெளியை இது கண்டுகொள்ளாது. ‘வானியல் அலகு’ போன்றவற்றுக்கு அதுவே எனக்கு வசதி. சொல்சொல்லாக வரிசைப்படுத்துகிறவர்கள் இதை மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பௌர்ணமி மட்டும் பே-வுக்கு முன்னால் போய் நின்றது. அரை மணி நேரம் நிரலைத் திட்டினேன். பார்த்தால், நண்பர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ள-வும் தட்டியிருக்கிறார்: பெளர்ணமி. திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஒரே எழுத்தின் வேறுவேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் NFC இதைத் திருத்தாது, ஏனென்றால் கணினிக்கு அது நிஜமாகவே ள. இப்போது `ெள` என்று தேடி, வருவதையெல்லாம் கண்ணால் பார்த்துத் திருத்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளி ‘வௌ்ளி’ ஆகிவிடும். வானியல் கோப்பில் வெள்ளி எத்தனை முறை வரும் என்று சொல்லவா வேண்டும்!

ஆங்கிலச் சொல் வரிசையில் இன்னொரு பட்டியல் போடும் ஆசை இப்போதே வந்துவிட்டது. ஆனால் ‘காண்க’ வரிகளே இன்னும் பாக்கி. எதிர்நிழல் கருநிழலைக் காட்டுகிறது, கருநிழலோ இன்னும் பிரிக்காத ‘நிழல் கூம்பு’ என்ற சொல்லைக் காட்டுகிறது. அந்தச் சொல்லுக்கு நண்பர் விளக்கமே எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்க வேண்டும்.