ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி: தள்ளிப்போன ஒரு புரமோஷன் கணக்கு

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி லெட்டர் வந்துடும்பா, நீ வேலையைப் பாரு." சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் ஒரு ஐ.டி. சேவை நிறுவனத்தில், 2024 பிப்ரவரியில், மேனேஜர் சொன்னது. ஏப்ரல் ஜூலை ஆனது, ஜூலை அக்டோபர் ஆனது, அக்டோபர் பிறந்ததும் "ஜனவரியில பக்கா" என்றார். சீனியர் டெஸ்ட் இன்ஜினியரிலிருந்து டெஸ்ட் லீட். லீட் வேலையை ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பட்டம் மட்டும்தான் பாக்கி.

தேதி தள்ளிப்போகும்போது நாம் தேதியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்போம். அதுதான் முதல் தப்பு. லெட்டரில் அச்சாகும் தேதி கடைசியில் வருவது. அதற்கு முன்னால் நாலைந்து படிகள் இருக்கின்றன. முதலில் தகுதி: இப்போதைய கிரேடில் குறைந்தபட்சக் காலம், போன வருட ரேட்டிங், முடிக்க வேண்டிய பயிற்சிகள். அடுத்து மேனேஜர் எச்.ஆர். போர்ட்டலில் பெயரை ஏற்றும் நாமினேஷன். பிறகு யூனிட் ஹெட் எல்லா மேனேஜர்களையும் உட்காரவைத்துப் பெயர்களை அலசி வெட்டும் கூட்டம், அதன்பின் நிதிப் பிரிவின் ஒப்புதல், கடைசியில் லெட்டர். நம் மேனேஜரின் கையில் முழுதாக இருப்பது நாமினேஷன் ஒன்றுதான். அலசல் கூட்டத்தில் அவர் வாதாடலாம், முடிவு அவருடையது அல்ல. ஆகவே "எப்போ வரும்?" என்று கேட்டால் அவரால் ஆறுதல்தான் சொல்ல முடியும். "இப்போ எந்தப் படியில நிக்குது?" என்று கேட்டால் ஒரு தகவல் சொல்லியாக வேண்டும்.

இதை நான் கேட்டது ஜூலையில்தான். கேட்ட விதமும் முக்கியம். ஒன்-டு-ஒன் முடிந்த அன்றே நாலு வரி மெயில் போட்டேன்: என் நாமினேஷன் எந்த சைக்கிளுக்குப் போயிருக்கிறது, அடுத்து முடிவெடுப்பவர் யார், என் பக்கம் குறை ஏதாவது இருக்கிறதா, அடுத்து எந்தத் தேதியில் பேசலாம். குற்றம் சாட்டும் தொனி இல்லை, எச்.ஆரை சி.சி.யில் போடவும் இல்லை. (சி.சி.யில் எச்.ஆரைச் சேர்த்தால் மேனேஜர் உங்களுக்காகப் பேசுவதை விட்டுவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்.) இந்த மெயில் நிறுவனத்தை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. ஆனால் மூன்று மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சு வராது. மேனேஜர் மாறிப்போனால் புதியவரிடம் காட்ட ஒரு ஆதாரமும் இருக்கும்.

எச்.ஆரிடம் தனியாக ஒரே ஒரு பொதுக் கேள்வி கேட்டேன்: ஏப்ரல் சைக்கிளுக்கு நாமினேஷன் மூடியது எப்போது? "என் பெயர் இருக்கா" என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், காலக்கெடுவைக் கேட்டால் யாருக்கும் சொல்வார்கள். ஜனவரி கடைசியிலேயே மூடிவிட்டதாம். மேனேஜர் எனக்கு வாக்குக் கொடுத்தது பிப்ரவரியில். அதாவது ஏப்ரல் என்று சொன்ன நாளிலேயே ஏப்ரல் முடிந்துபோயிருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். சைக்கிளுக்கு ஒருமுறை திறக்கும் அந்தத் திரையின் கெடுவைப் பாதி மேனேஜர்கள் நினைவில் வைத்திருப்பதில்லை.

ஜூலைக்கு மட்டும் நாமினேஷன் உண்மையாகவே போனது. அலசல் கூட்டத்தில் விழுந்தது. ஏன் என்று கேட்டபோது "ஃப்ரீஸ் போட்டுட்டாங்க" என்றார். ஃப்ரீஸ் என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய சொல். உண்மையிலேயே நிறுவனம் முழுக்க நிறுத்தியிருந்தால் எந்த யூனிட்டிலும் லெட்டர் வராது. புது ஆள் எடுப்பதும் பொதுவாகக் குறைந்திருக்கும். அந்த மாதம் பக்கத்து யூனிட்டில் மூன்று பேர் கேக் வெட்டினார்கள். அப்படியானால் தடை நிறுவனத்தில் இல்லை, எங்கள் யூனிட்டில் இருக்கிறது. மறுபடி கேட்டதும் சொன்னார்: லீட் இடம் ஒன்று, பெயர் இரண்டு. மற்றவர் கையில் வேறு கம்பெனி ஆஃபர் இருந்ததால் அவரைத் தக்கவைக்க அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

இடம் ஒன்று என்பதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். எங்கள் மாதிரி சேவை நிறுவனங்களில் வாடிக்கையாளர் ஆளுக்கு இல்லை, பொறுப்புக்குத்தான் பணம் தருகிறார். எங்கள் புராஜெக்டில் பதினான்கு பேர். ஒப்பந்தப்படி ஒரு லீட், பதின்மூன்று இன்ஜினியர். எனக்கு லீட் கிரேடு கொடுத்தால் சம்பளம் ஏறும், வாடிக்கையாளரிடமிருந்து வரும் பணம் ஏறாது. யூனிட் ஹெட் கேட்பது திறமையைப் பற்றி அல்ல, "இவரை எந்த பில்லிங்கில் வைப்பீங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு மேனேஜரிடம் பதில் இல்லாதவரை எவ்வளவு நல்ல ரேட்டிங் வாங்கினாலும் பெயர் அதே இடத்தில்தான் வெட்டுப்படும். அதிலும் ஒரு வேடிக்கை: லீட் வேலையை நான் ஏற்கெனவே பழைய சம்பளத்தில் செய்துகொண்டிருந்ததால் இடத்தை உருவாக்க வேண்டிய அவசரமே யாருக்கும் இல்லை.

அக்டோபரில் "ஜனவரி" என்றபோது, முதல்முறையாகக் காரணத்தோடு சொன்னார். ஜனவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள், அதில் இரண்டாவது லீட் இடம் வரும் என்றார். நியாயமான காரணம். பார்த்துச் சரிபார்க்கவும் முடியும், ஏனென்றால் புதுப்பிப்புக்கான டெஸ்டிங் எஸ்டிமேட்டைத் தயார் செய்வதே நான்தான். வாடிக்கையாளருக்குப் போன எக்செல் ஷீட்டைத் திறந்து ஆள் கணக்கு வரியைப் பார்த்தேன். லீட்: 1. இன்ஜினியர்: 13. நான் அனுப்பிய வரைவுக்குப் பிறகு மேனேஜர் பெயரில் இரண்டு முறை சேமிக்கப்பட்டிருந்தது, அந்த எண் மட்டும் மாறவில்லை. அவரிடமே கேட்டேன். "கிளையன்ட் இந்த வருஷம் காஸ்ட் குறைக்கச் சொல்றான்பா, ஆனா நான் பேசுறேன்" என்றார். பொய் சொல்லவில்லை. நடக்கும் என்று நம்பினார், அந்த நம்பிக்கையைத்தான் எனக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு தள்ளிப்போடலுக்கும் இடையில் ஒரு படியாவது நகர்ந்திருந்தால் காத்திருக்கலாம். ஜூலையில் நாமினேஷன் என்ற படி நகர்ந்தது, அதனால் இன்னொரு காலாண்டு கொடுத்தேன். அக்டோபரில் நகர்ந்தது எதுவும் இல்லை.

பணக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மாதச் சம்பளம் 90,000 ரூபாய். புரமோஷனுக்கு 12 சதவீதம் என்று பேச்சு, மாதம் 10,800. ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஒன்பது மாதத்துக்கு வரிக்கு முன் 97,200 ரூபாய். அரியர்ஸோடு முன்தேதியிட்டுக் கொடுத்தால் இது திரும்பி வரும், ஆனால் எங்கள் இடத்தில் லெட்டர் வரும் காலாண்டுக்கு முன்னால் தேதி போடுவதில்லை. இதைவிட மோசம், லெட்டரில் சின்ன எழுத்தில் இருக்கும் விதி: வருட நடுவில் புரமோஷன் வாங்கி ஆறு மாதம் முடியாதவருக்கு அடுத்த ஏப்ரல் வருட உயர்வு கிடையாது. ஜனவரியில் வாங்கினால் 2025 ஏப்ரல் உயர்வும் போய்விடும். உங்கள் நிறுவனத்தில் இந்த விதி எப்படி என்று பாலிசி பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, எவ்வளவு நாள் என்பதற்கு ஒரு எல்லை. அதைக் கோபத்தில் வைக்காமல் காலண்டரில் வைத்தேன். நான் சேர்ந்தது 2020 ஜனவரி 6. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும், 2025 ஜனவரி 5-இல் முடிகிறது. தொகை: கடைசி அடிப்படைச் சம்பளம் 36,000, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 20,769. ஐந்து வருடத்துக்கு சுமார் 1,03,800 ரூபாய். கொஞ்ச நாள் முன்னால் கிளம்பினால் மொத்தமும் சிக்கலாகும். (நான்கு வருடம் 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனமும் கேட்டவுடன் ஒத்துக்கொள்வதில்லை, அதற்காக அலைய நான் தயாரில்லை.) நோட்டீஸ் பீரியடும் பணிக்காலத்தில் சேரும். எனக்கு நோட்டீஸ் 90 நாள். அக்டோபர் 15-இல் ராஜினாமா கொடுத்தால் 90 நாள் முடிவது ஜனவரி 13, போகி. ஐந்து வருடம் தாண்டி எட்டு நாள். ஆக அக்டோபர் 15 வரை நம்புவது, அதற்குள் ஒரு படி நகராவிட்டால் எழுதிக் கொடுப்பது. ஆகஸ்டிலிருந்தே வெளியில் இன்டர்வியூ போய்க்கொண்டிருந்தேன். ஆஃபர் கையில் வந்தபிறகுதான் இந்தத் தேதிக்கு அர்த்தம் வந்தது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. நிறுவனம் "முன்னாடியே ரிலீவ் பண்றோம்" என்று டிசம்பரில் அனுப்பிவிட்டால் கணக்கு குலைந்துவிடும். எனவே ராஜினாமா மெயிலிலேயே முழு நோட்டீஸையும் முடித்து ஜனவரி 13 அன்று விடைபெறுவதாகத் தேதி போட்டு எழுதினேன், எச்.ஆர். அதை ஏற்று அனுப்பிய பதிலை வீட்டு மெயிலுக்கு எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 15 கொடுத்தேன். 21-ஆம் தேதி திங்கட்கிழமை யூனிட் ஹெட் கூப்பிட்டார், லீட் புரமோஷன் தயார் என்றார். எட்டு மாதம் கிடைக்காதது நாலு வேலைநாளில் கிடைத்ததைப் பார்த்து மேனேஜர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டத் தோன்றும். அப்படி இல்லை. போகிறவரைத் தக்கவைக்க வைத்திருக்கும் பணம் வேறு, புரமோஷன் பட்ஜெட் வேறு. முதலாவதைத் திறக்கும் சாவி ராஜினாமா மெயில் மட்டும்தான், மேனேஜர் எத்தனை முறை பரிந்துரைத்தாலும் அது திறக்காது. ஜூலையில் அந்த ஒற்றை இடம் ஆஃபர் வைத்திருந்தவருக்குப் போனதும் இப்படித்தான்.

அமலுக்கு வரும் தேதி என்ன என்று கேட்டேன். ஜனவரி 1. ஏப்ரல் உயர்வு? "பாலிசிப்படி இல்லை." எழுத்தில் தர முடியுமா? லெட்டர் ஜனவரியில்தான் வரும், இப்போதைக்கு மெயிலில் உறுதி தருகிறேன் என்றார். அதே ஜனவரி, மறுபடி வெறும் வாக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புது இடத்தில் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தில் 'பதவி' என்று ஒரு கட்டம் வரும். ஒன்றரை வருடம் லீட் வேலை பார்த்தேன் என்பதற்காக அங்கே லீட் என்று எழுதிவிடக் கூடாது. ரிலீவிங் லெட்டரிலும் சம்பளச் சீட்டிலும் இருப்பது பழைய பதவி, பொருந்தாவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பதவிக் கட்டத்தில் சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் என்று எழுதி, கீழே பொறுப்புகள் என்ற கட்டத்தில் 14 பேர் குழுவின் டெஸ்டிங் எஸ்டிமேட், வேலைப் பகிர்வு, வாடிக்கையாளர் அழைப்புகள் என்று எழுதினேன்.