அடுத்த மாதம் எத்தனை வேலைகள் முடியும்?

எங்கள் நால்வர் குழு கடந்த 10 வாரங்களில் வாரந்தோறும் முடித்த வேலைகளின் எண்ணிக்கை 3, 5, 2, 6, 4, 0, 5, 3, 4, 4. சராசரியான 3.6ஐ நான்கால் பெருக்கி, மாதத்துக்கு 14 என்று வாக்களிப்பதே இதுவரை வழக்கம். இம்முறை அந்தப் பத்து எண்களைச் சீட்டுகளாகக் கொண்டு, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு, நான்கு முறை குலுக்கி எடுத்துக் கூட்டுவதைக் கணினியில் 10,000 தடவை செய்து பார்த்தேன். நூற்றுக்கு ஏறத்தாழ 37 தடவை கூட்டுத்தொகை 14ஐ எட்டவே இல்லை. 11ஐயோ அதற்கு மேலோ எட்டியது சுமார் 88 தடவை. ஆகவே 11 என்றே எழுதிக் கொடுத்தேன்.

சர்வர் பழுதான அந்தப் பூஜ்ய வாரத்தை நீக்கிவிடலாம் என்றார் நண்பர். அத்தகைய வாரம் மீண்டும் வரக்கூடியதே என்பதால் நான் இசையவில்லை. ஆனால் ஒருவர் நீண்ட விடுப்பில் சென்றாலோ, வேலைகளை வழக்கத்தைவிடப் பெரிய துண்டுகளாகப் பிரித்தாலோ, இந்தப் பத்து எண்களை நம்ப இயலாது.