சாம்பிளில் பிழை வந்தால் கணக்கு அங்கே முடிவதில்லை

ரிசல்ட் வந்துவிட்டது. ஆடிட் பேப்பர் கரையேறியதில் பெரிய நிம்மதி. என்னைக் காப்பாற்றியது வவுச்சிங் சாம்பிள் பகுதி என்றே நம்புகிறேன், அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

சாம்பிளை லெட்ஜரிலிருந்து எடுங்கள். வவுச்சர் ஃபைலிலிருந்து எடுத்தால், லெட்ஜரில் ஏறியும் வவுச்சரே இல்லாத செலவு கையில் சிக்கவே சிக்காது. நாம் தேடுவதே அதைத்தானே!

செலவுக் கணக்கு மொத்தம் 50,00,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் பெரிய தொகை வவுச்சர்கள் 8, அவற்றின் மதிப்பு 20,00,000. இவற்றை முழுவதும் பார்த்துவிடுகிறோம். மீதி 30,00,000-லிருந்து ரேண்டமாக எடுத்த 60 வவுச்சர்களின் மதிப்பு 3,00,000. பெரியவற்றில் 20,000 கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. சாம்பிளில் 4,500 கூடுதல்.

பலர் இரண்டையும் கூட்டி 24,500 என்று எழுதி, தாங்கத்தக்க பிழை 75,000-க்குள் இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். மதிப்பெண் போவது இங்கேதான். 4,500 என்பது 3,00,000-ல் 1.5 சதவீதம். அதை 30,00,000-க்கு விரித்தால் 45,000. பெரிய வவுச்சர்களை முழுவதும் பார்த்துவிட்டதால் அந்த 20,000-ஐ விரிக்க வேண்டியதில்லை, அப்படியே கூட்டலாம். ஆக 65,000.

இதுவும் 75,000-க்குள்தான். ஆனால் வரம்பை நெருங்கிவிட்டது. வேறு 60 வவுச்சர் எடுத்திருந்தால் தாண்டியிருக்கலாம். திட்டமிடும்போது எதிர்பார்த்த பிழை 20,000 மட்டுமே என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ‘ஏற்கலாம்’ என்று எழுதாதீர்கள். சாம்பிளைக் கூட்டுவது, நிர்வாகத்தை ஆராய்ந்து திருத்தச் சொல்வது, வேறு சோதனை செய்வது, இவற்றில் எது, ஏன் என்று எழுதுங்கள்.

அதற்கு முன்பு காரணத்தைப் பாருங்கள். அந்த 4,500 முழுவதும் பயணப்படி வவுச்சர்களில், ஒரே ஆள் ஒப்புதல் தந்தவற்றில் வந்திருந்தால், அந்த ஆள் ஒப்புதல் தந்த எல்லாவற்றையும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். மோசடியா என்ற கேள்வியும் அங்கே எழுகிறது.

எனக்குக் கணக்கைப் போட்டபின் எழுதுவதுதான் வரும். தியரி ஆட்கள் கீழுள்ளதை மனதில் வையுங்கள்:

- வவுச்சர் தொலைந்துவிட்டதா? வேறொன்றை எடுக்கக் கூடாது. மாற்று ஆதாரமும் கிடைக்காவிட்டால் அதுவே பிழை. முறையாக ரத்தான வவுச்சர் என்றால் மட்டும் வேறு எடுக்கலாம்.
- ‘தனித்த பிழை’ என்று விரிக்காமல் விட, அது வேறெங்கும் இல்லை என்பதற்குக் கூடுதல் சோதனையில் வலுவான ஆதாரம் வேண்டும். கணக்காளர் வாய்வார்த்தை போதாது.
- 4,500-ஐ நிர்வாகம் திருத்திவிட்டாலும், பார்க்காத பகுதியில் இருக்கக்கூடிய 40,500 அப்படியே நிற்கிறது.